ஒரே வேலை, இரண்டு கம்பெனி: ஜாயின்ட் ஆபரேஷனா, ஜாயின்ட் வென்ச்சரா?

எங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பே ‘ஜாயின்ட் வென்ச்சர் அக்ரிமென்ட்’தான். அப்புறம் கணக்கில் மட்டும் வேறு பெயர் எதற்கு?

ஒப்பந்தத்தின் தலைப்பைக் கணக்கு கண்டுகொள்வதில்லை. டெண்டர் உலகில் இரண்டு பேர் சேர்ந்தாலே ‘ஜே.வி.’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 111, உலக அளவில் ஐ.எஃப்.ஆர்.எஸ். 11 ஆகிய கணக்குத் தரங்களில் ஜாயின்ட் வென்ச்சர் என்பதற்குக் குறுகிய பொருள்தான் உண்டு. நாம் ஜே.வி. என்று அழைக்கும் கட்டுமான வேலைகளில் பல, அந்தத் தரங்களின்படி ஜாயின்ட் ஆபரேஷன்.

இரண்டுக்குமே கூட்டுக் கட்டுப்பாடு வேண்டும். அது இல்லாத இடங்களில் இரண்டுமே பொருந்தாது. தூத்துக்குடியில் 2 × 500 மெகாவாட் அனல் நிலையம் நடத்தும் என்.எல்.சி. தமிழ்நாடு பவர் லிமிடெட்டைச் செய்திகளில் கூட்டு நிறுவனம் என்றே எழுதுகிறார்கள். அதில் என்.எல்.சி.யின் பங்கு 89 சதவீதம், தமிழக மின்வாரியத்தின் பங்கு 11 சதவீதம். கட்டுப்பாடு ஒரே கையில் இருப்பதால் என்.எல்.சி.யின் கணக்கில் அது துணை நிறுவனம்.

வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பங்காளிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுகிறார்கள். மோட்டாரில் பாதி உன்னுடையது, தண்ணீரில் பாதி உன் வயலுக்கு, மோட்டார் ரிப்பேர் ஆனால் பாதிச் செலவு உன் தலையில். இது ஜாயின்ட் ஆபரேஷன். அதே இருவரும் ஒரு அரிசி ஆலைக் கம்பெனியில் ஆளுக்குப் பாதிப் பங்கு வாங்குகிறார்கள். ஆலையின் இயந்திரம் கம்பெனியுடையது, வங்கிக் கடனும் கம்பெனியுடையது, இவர்களுக்கு உரிமை உள்ளது மிச்சத்தில் மட்டும். இது ஜாயின்ட் வென்ச்சர்.

பெரிய அளவிலும் இதே கதைதான். மும்பைக் கடலில் பன்னா–முக்தா, தப்தி எண்ணெய் வயல்களை 1994 முதல் 2019 வரை ஓ.என்.ஜி.சி. 40, ரிலையன்ஸ் 30, என்ரான் (2002 முதல் பி.ஜி., பின்னாளில் ஷெல்) 30 சதவீதம் என்ற கணக்கில் சேர்ந்து நடத்தினார்கள். தனிக் கம்பெனி எதுவும் கிடையாது. வயலின் சொத்திலும் செலவிலும் கிடைத்த எண்ணெயிலும் அவரவர் பங்கை அவரவர் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். மாறாக, வடசென்னைக்குப் பக்கத்தில் உள்ள வல்லூர் அனல் நிலையம் (3 × 500 மெகாவாட்) என்.டி.பி.சி.யும் தமிழக மின்வாரியமும் ஆளுக்குப் பாதி வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் சொத்து. கொதிகலனும் கடனும் அந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. மின்சாரமும் தமிழ்நாட்டோடு நிற்காமல் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. அதனால் என்.டி.பி.சி.யின் ஒருங்கிணைந்த கணக்கில் வல்லூர் கொதிகலனைத் தேடினால் கிடைக்காது. முதலீடு என்ற ஒரே வரியில்தான் அது இருக்கும்.

எங்களுக்கு 60, அவர்களுக்கு 40. பெரும்பான்மை எங்களிடம் இருக்கும்போது இதைக் கூட்டுக் கட்டுப்பாடு என்பது எப்படி?

பங்கு சதவீதத்தை விட்டுவிட்டு, முக்கிய முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஆண்டு பட்ஜெட், பெரிய துணை ஒப்பந்தம், ப்ராஜெக்ட் மேனேஜர் நியமனம் போன்றவற்றுக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், 60:40 என்ன, 90:10 ஆனாலும் கூட்டுக் கட்டுப்பாடுதான். அந்த ஏகமனது ஒப்பந்தத்தின் பலத்தில் வர வேண்டும். வழக்கமாக ஒத்துப்போகிறோம் என்பது போதாது.

கவனிக்க வேண்டியது, கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பிரிவு. ‘இழுபறி வந்தால் லீட் பார்ட்னரின் முடிவே இறுதி’ என்று 30-ஆம் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், முதல் 29 பக்கங்களில் சொன்ன ஏகமனது ஆவியாகிவிடும். நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று இருந்தால் அது கூட்டுக் கட்டுப்பாட்டைக் கெடுக்காது.

எங்கள் ஜே.வி.க்குத் தனி பான், தனி வங்கிக் கணக்கு, தனி ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் அது தனி நிறுவனம்தானே?

வரித்துறைக்கு அப்படி இருக்கலாம், கணக்குக்கு அவசியமில்லை. கணக்கில் கேட்பது ஒன்றுதான்: அந்த அமைப்பின் சட்ட வடிவம், சொத்தையும் கடனையும் உங்களிடமிருந்து பிரித்து வைக்கிறதா?

கட்டுமான ஜே.வி.க்கள் பெரும்பாலும் ‘அசோசியேஷன் ஆஃப் பெர்சன்ஸ்’ அல்லது சாதாரணக் கூட்டாண்மையாக இருக்கும். இந்தியச் சட்டத்தில் கூட்டாண்மை அதன் பங்காளிகளிலிருந்து வேறுபட்ட நபர் இல்லை. சிமென்ட் சப்ளையருக்குப் பணம் போகாவிட்டால் அவர் நேராக உங்கள் அலுவலக வாசலுக்கே வரலாம். பிரிப்பு இல்லை, எனவே ஜாயின்ட் ஆபரேஷன். பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ எல்.எல்.பி.யோ தொடங்கியிருந்தால் சட்டம் பிரித்து வைக்கிறது. வேறு எதுவும் மாற்றிச் சொல்லாதவரை அது ஜாயின்ட் வென்ச்சர்.

வரித்துறையின் கேள்வியே வேறு. நேரடி வரிகள் வாரியம் 2016 மார்ச் 7 அன்று வெளியிட்ட 7/2016 சுற்றறிக்கை, அவரவர் பகுதி வேலையை அவரவர் ஆட்கள், பொருட்கள், அபாயத்தில் செய்து, லாப நஷ்டமும் அவரவருடையதாகவே இருக்கும் கன்சார்ட்டியங்களைத் தனி அசோசியேஷனாக நடத்த வேண்டாம் என்றது. ‘வரியில் தனி நபர், கணக்கில் தனி நபர் இல்லை’ என்ற நிலைமை முரண்பாடு ஆகாது. ஆடிட்டரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒருமுறை எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

கம்பெனியாகவே பதிவு செய்திருக்கிறோம். அப்போதும் ஜாயின்ட் ஆபரேஷன் ஆக வாய்ப்பு உண்டா?

உண்டு, இரண்டு வழிகளில். முதலாவது, கம்பெனியின் சொத்திலும் கடனிலும் பங்காளிகளுக்கு நேரடி உரிமையும் பொறுப்பும் உண்டு என்று ஒரு தனி ஒப்பந்தம் சொல்வது. வங்கிக்கு நீங்கள் கேரன்டி கொடுத்திருப்பதை மட்டும் வைத்து இப்படி முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது வழி சுவாரசியமானது. கம்பெனி தயாரிப்பது முழுவதையும் இரண்டு பங்காளிகளே வாங்கியாக வேண்டும், வெளியே விற்கக் கூடாது, விலையும் கம்பெனியின் செலவு ஈடாகும் அளவுக்கே நிர்ணயம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனி தன் கடனை அடைக்கப் பங்காளிகளின் பணத்தைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படிப்பட்ட நிலையில் கம்பெனி என்ற சுவர் வெறும் தட்டிதான், ஜாயின்ட் ஆபரேஷன் என்றே எழுத வேண்டும். பங்காளிகள் இப்போது மொத்தமாக வாங்குகிறார்கள் என்ற பழக்கம் மட்டும் போதாது, சட்டப்படி செல்லத்தக்க கடமை இருக்க வேண்டும் என்று ஐ.எஃப்.ஆர்.எஸ். விளக்கக் குழு 2015 மார்ச்சில் தெளிவாக்கியது. வெளியாருக்குச் சந்தை விலையில் விற்கும் சுதந்திரம் இருந்தால் இந்த வாதம் நிற்காது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன். எண்கள் இல்லாமல் புரியவில்லை.

சரி, ஒரு பாலம் கட்டும் வேலை என்று வைத்துக்கொள்வோம். மதுரைக் கம்பெனிக்கு 60 சதவீதம், கோவைக் கம்பெனிக்கு 40. எல்லா வரவு செலவிலும் இதே விகிதம். வரியை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இருவரும் சேர்ந்து 10 கோடி போடுகிறார்கள் (6 + 4). அந்தப் பணத்தில், பாலத்தின் பாகங்களைத் தூக்கி வைக்கும் லாஞ்சிங் கர்டர் என்ற இயந்திரம் ஒன்றை 10 கோடிக்கு வாங்குகிறார்கள், ஆயுள் 5 ஆண்டு. முதல் ஆண்டில் செய்த வேலையின் மதிப்பு 80 கோடி, அதில் 60 கோடி வந்துவிட்டது, வேலை கொடுத்தவர் பில்லில் பிடித்து வைக்கும் ரிட்டென்ஷன் தொகை உட்பட 20 கோடி வர வேண்டும். செலவு 70 கோடி, கர்டரின் தேய்மானம் 2 கோடியும் அதில் அடக்கம். மீதி 68 கோடியில் 15 கோடி சப்ளையர்களுக்குப் பாக்கி. 10 கோடியும் 60 கோடியும் உள்ளே வந்தன, கர்டருக்கு 10 கோடியும் செலவுகளுக்கு 53 கோடியும் வெளியே போயின. வங்கியில் மிச்சம் 7 கோடி.

ஜாயின்ட் ஆபரேஷன் என்றால் மதுரைக் கம்பெனி தன் புத்தகத்தில் இப்படி எழுதும்:

| | சைட் மொத்தம் (கோடி) | மதுரையின் 60% |
|---|---|---|
| வருவாய் | 80 | 48 |
| செலவு | 70 | 42 |
| லாபம் | 10 | 6 |
| கர்டர் (தேய்மானம் போக) | 8 | 4.8 |
| வர வேண்டியது | 20 | 12 |
| வங்கி இருப்பு | 7 | 4.2 |
| சப்ளையர் பாக்கி | 15 | 9 |

சொத்து 21 கோடி, பாக்கி 9 கோடி, நிகரம் 12 கோடி. போட்ட 6 கோடியும் சம்பாதித்த 6 கோடியும் சேர்ந்தால் அதே 12. இது தனிக் கணக்கிலும் ஒருங்கிணைந்த கணக்கிலும் ஒரே மாதிரி வரும்.

இதே வேலையை ஜாயின்ட் வென்ச்சராக, ஒரு கம்பெனி மூலம் செய்திருந்தால்? ஒருங்கிணைந்த கணக்கில் ஈக்விட்டி முறை. ‘ஜாயின்ட் வென்ச்சரில் முதலீடு 12 கோடி’ என்று ஒரு வரி, லாப நஷ்டக் கணக்கில் ‘லாபத்தில் பங்கு 6 கோடி’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். 48 கோடி வருவாயும் தெரியாது, 9 கோடி பாக்கியும் தெரியாது. தனிக் கணக்கில் வழக்கமாக அடக்க விலையான 6 கோடி மட்டும் நிற்கும், டிவிடெண்ட் வரும்வரை லாபம் எதுவும் வராது.

கடைசி லாபம் இரண்டிலும் 6 கோடிதான். ஆனாலும் இதற்கு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. அடுத்த டெண்டரில் தனிக் கணக்கின் டர்ன்ஓவரைக் கேட்பார்கள், அங்கே 48 கோடி இருப்பதும் இல்லாததும் தகுதியையே மாற்றலாம். கடனை மறைக்க நினைப்பவருக்கோ எதிர்ப் பக்கம் ஆசை. இரண்டு ஆசைகளும் வகைப்பாட்டை முடிவு செய்யக் கூடாது என்பதால்தான் தரத்தில் தேர்வு உரிமையே தரவில்லை.

காகிதத்தில் 60:40. ஆனால் நாங்கள் அஸ்திவாரம் மட்டும், அவர்கள் மேல்கட்டு மட்டும் செய்கிறோம். அப்போதும் 60 சதவீதம் எழுத வேண்டுமா?

வேண்டாம். எழுதினால் தப்பு. தரம் கேட்பது உங்கள் உரிமையையும் பொறுப்பையும் பதிவு செய்யச் சொல்லி, சதவீதத்தை அல்ல. அஸ்திவாரத்துக்கான பில் தொகை முழுதும் உங்களுக்கு, அதன் செலவும் நஷ்டமும் உங்களுக்கு என்றால், அஸ்திவாரத்தின் வருவாயையும் செலவையும் நூறு சதவீதம் எழுதுங்கள், மேல்கட்டில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பொதுவான சைட் அலுவலகம், காவலாளி, இன்ஷூரன்ஸ் போன்றவற்றில் மட்டும் ஒப்புக்கொண்ட விகிதம்.

நான் பார்த்த ஒரு வேலையில் இருவரும் சேர்ந்து மொத்தத்தையும் 60:40 ஆகவே பிரித்து எழுதிவந்தார்கள். மூன்றாம் ஆண்டில் பாறை தட்டி அஸ்திவாரத்தில் நஷ்டம் வந்தபோதுதான், அது முழுக்க ஒருவருடைய நஷ்டம் என்று ஒப்பந்தத்தின் இணைப்பைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். முந்தைய ஆண்டுக் கணக்கையும் திருத்த வேண்டி வந்தது.

எங்களிடம் இருந்த பழைய மெஷினை சைட்டுக்கு விற்றோம். அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளலாமா?

கூட்டாளியின் பங்கு அளவுக்கு மட்டும். அதே லாஞ்சிங் கர்டரை மதுரைக் கம்பெனியே விற்றது என்று வையுங்கள். அதன் புத்தகத்தில் மதிப்பு 6 கோடி, சைட்டுக்கு விற்ற விலை 10 கோடி, லாபம் 4 கோடி. ஆனால் இந்தக் கர்டரில் 60 சதவீதம் விற்ற பிறகும் மதுரையுடையதே. தன் பொருளைத் தனக்கே விற்று லாபம் பார்க்க முடியாது. எனவே கோவைக்குப் போன 40 சதவீதத்தின் லாபம் 1.6 கோடி மட்டும் கணக்கில் வரும்.

மீதி 2.4 கோடியைச் சொத்தின் மதிப்பில் கழிக்க வேண்டும். மதுரையின் புத்தகத்தில் கர்டரின் பங்கு 6 கோடியாக ஏறாமல் 3.6 கோடியாகவே நிற்கும், அதாவது பழைய 6 கோடியில் 60 சதவீதம். தேய்மானமும் ஆண்டுக்கு 1.2 கோடிக்குப் பதில் 0.72 கோடி. 5 ஆண்டில் அந்த வித்தியாசம் 2.4 கோடியாகித் தானே சரியாகிவிடும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: சைட் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தேய்மானத்தை அப்படியே 60 சதவீதம் எடுத்துவிடுவார்கள். சைட் புத்தகத்துக்கு இந்த விற்பனையின் பின்கதை தெரியாது, உங்கள் புத்தகத்தில் நீங்கள்தான் திருத்த வேண்டும்.

கர்டரின் உண்மை மதிப்பே குறைந்துவிட்டதால் நஷ்டத்தில் விற்றிருந்தால், அந்த நஷ்டத்தை முழுதுமாக உடனே எழுத வேண்டும். ஈக்விட்டி முறையிலும் இந்த வெட்டு உண்டு, ஆனால் அது முதலீட்டு வரியில் நடக்கும்.

நாங்கள்தான் லீட் பார்ட்னர். கிரேன் வாடகை ஒப்பந்தத்தில் எங்கள் கையெழுத்து மட்டும்தான். அதிலும் 60 சதவீதம்தானா?

இல்லை, முழுக் கடனும் உங்களுடையது. 2019 மார்ச்சில் விளக்கக் குழு இதே கேள்வியைப் பார்த்தது: கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் சட்டப்படி பொறுப்பாளி என்றால், அந்தப் பொறுப்பை அவர் முழுதாகக் காட்ட வேண்டும். கோவைக் கம்பெனி தன் பங்கைத் தரும் என்றால், அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான இன்னொரு ஒப்பந்தம். அதைத் தனியாகப் பாருங்கள். கடனிலிருந்து கழித்துவிட்டு 60 மட்டும் காட்டுவது சரியில்லை.

ஒரு நல்ல பழக்கம்: வருட முடிவில் பெரிய ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஒருமுறை புரட்டுங்கள். யார் பெயர் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நஷ்டம் வந்தால் இரண்டு முறைகளுக்கும் என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம். இரண்டாம் ஆண்டில் இரும்பு விலை ஏறி சைட்டுக்கு 30 கோடி நஷ்டம் என்று வையுங்கள், மதுரையின் பங்கு 18 கோடி. ஜாயின்ட் ஆபரேஷனில் 18 கோடியும் அப்படியே இறங்கும். ஈக்விட்டி முறையில் முதலீட்டு வரியில் இருப்பது 12 கோடி, அது பூஜ்யம் ஆனதும் கணக்கு நின்றுவிடும். மிச்சம் 6 கோடியை மனதில் குறித்துக்கொண்டு, பின்னால் லாபம் வரும்போது முதலில் அதை ஈடுகட்டிய பிறகே லாபம் எழுதலாம். ஆனால் ‘நஷ்டத்தை நாங்கள் ஏற்போம்’ என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த 6 கோடியும் உடனே கணக்கில் வரும். தனிக் கணக்கில் நிற்கும் 6 கோடி முதலீட்டையும் மதிப்புச் சரிவுக்குச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வேலை கொடுத்தவரிடம் போட்ட ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ‘சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்று இருக்கும். சப்ளையர் பாக்கிக்கும் அதே பொறுப்பு என்றால், முதல் ஆண்டின் 15 கோடியில் மதுரை 9 கோடியைக் கடனாகக் காட்டும், கோவை கட்டும் என்று எதிர்பார்க்கும் 6 கோடியைச் சாத்தியப் பொறுப்பாகக் குறிப்பில் வெளியிடும். கோவைக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டால், அந்த 6 கோடி குறிப்பிலிருந்து பேலன்ஸ் ஷீட்டுக்கு ஏறிவிடும்.

நாங்கள் சின்னக் கம்பெனி, இண்ட் ஏஎஸ் எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உங்களுக்குப் பொருந்துவது ஏஎஸ் 27 என்ற பழைய தரம். தனி நிறுவனம் இல்லாத கூட்டு வேலைகளில் அவரவர் சொத்து, கடன், வருவாய், செலவை அவரவர் எழுதுவது அதிலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். மாறுவது கம்பெனி வடிவில்: ஒருங்கிணைந்த கணக்கு தயாரித்தால், அங்கே ஈக்விட்டி முறைக்குப் பதில் விகிதாசார முறையில் ஒவ்வொரு வரியிலும் உங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். பெரிய கம்பெனிகள் 2016 ஏப்ரலில் இண்ட் ஏஎஸ்ஸுக்கு மாறியபோது இந்த வரிகள்தான் காணாமல் போயின. அப்போது சிலரின் ஒருங்கிணைந்த டர்ன்ஓவர் வியாபாரம் குறையாமலேயே குறைந்தது.

கூட்டாளி சைட் கணக்கைச் சரியான நேரத்துக்குத் தருவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

சைட் கணக்கை யார் எழுதினாலும், மாதம் ஒருமுறை மூன்று தாள்களை மட்டும் வாங்கிவிடுங்கள்: வங்கி ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்தவர் சான்றளித்த பில், சப்ளையர் பாக்கிப் பட்டியல். இந்த மூன்றும் இருந்தால் உங்கள் பங்கை ஓரளவு நீங்களே கட்டிவிடலாம். கூட்டாளி போட்டுக் கொடுத்த லாபத் தொகையை மட்டும் வாங்கி எழுதுவது ஆபத்து, ஏனென்றால் ஜாயின்ட் ஆபரேஷனில் உங்களுக்குத் தேவை வரிவரியான எண்கள்.

வருட முடிவில் இரண்டு கம்பெனியின் பங்கையும் கூட்டிப் பாருங்கள். மதுரையின் 48-ஐயும் கோவையின் 32-ஐயும் கூட்டினால் 80 வர வேண்டும், சப்ளையர் பாக்கி 9-ம் 6-ம் சேர்ந்து 15 வர வேண்டும். கர்டர் விற்பனை போன்ற திருத்தங்களைத் தவிர வேறு எதற்கும் வித்தியாசம் வரக் கூடாது. பில் லீட் பார்ட்னர் பெயரில் போனதால் அவர் 80-ஐயும் எழுதிவிட்டு, மற்றவர் தன் 32-ஐயும் எழுதினால் கூட்டல் 112 வரும். இப்படி ஒரு பிழையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆடிட்டர்களும் தங்கள் பக்கம் சரி என்றே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், யாரும் அடுத்தவரின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.